வினா 14: சில நாள் பொன்னிறம், சில நாள் கரும்பழுப்பு

வினா (10 மதிப்பெண்கள்)

பாளையங்கோட்டையில் ஒரு பலகாரக் கடையில் உருளைக்கிழங்கு சிப்ஸ் வழக்கமாகப் பொன்னிறமாக வரும். குளிர்பதனக் கிடங்கிலிருந்து கிழங்கு வந்த வாரத்தில் மட்டும் கரும்பழுப்பாக வந்தது. எண்ணெய், சூடு, நேரம் எதுவும் மாறவில்லை. காரணத்தை அக்ரிலமைடு உருவாகும் முறையோடு விளக்குக. குறைக்கும் வழிகளைக் கடைக்காரருக்குப் பரிந்துரைக்க. அவித்த இட்லியில் இச்சிக்கல் ஏன் இல்லை?

விடை

மாறியது கிழங்கின் சர்க்கரை. சுமார் 6 டிகிரி செல்சியசுக்குக் கீழே வைத்த கிழங்கில் மாவுச்சத்து உடைந்து குளுக்கோசும் ஃபிரக்டோசும் சேர்கின்றன. இவை ஒடுக்கும் சர்க்கரைகள். கிழங்கில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் தாராளமாக இருக்கிறது. சூடு 120 டிகிரியைத் தாண்டி, மேற்பரப்பில் ஈரம் வற்றியதும், அஸ்பராஜினின் அமினோ தொகுதி சர்க்கரையின் கார்போனைல் தொகுதியோடு இணைந்து ஷிஃப் காரம் ஆகிறது. அது கார்பன் டை ஆக்சைடை இழந்து, பிறகு பிளவுபட்டு அக்ரிலமைடைத் தருகிறது:

CH2=CH–CO–NH2

அஸ்பராஜினின் நான்கு கார்பனில் ஒன்று வாயுவாகப் போக, மீதி மூன்றும் இந்த மூலக்கூறில் இருக்கின்றன. அமைடு நைட்ரஜனும் அதன் பக்கச் சங்கிலியிலிருந்து வந்ததுதான். அதாவது சர்க்கரை வினையை நடத்தி வைக்கிறது. பொருளைக் கொடுப்பது அஸ்பராஜின். நிறமும் மணமும் தரும் மெயிலார்டு வினையின் கிளை இது என்பதால், நிறம் கறுக்கக் கறுக்க அக்ரிலமைடும் பொதுவாகக் கூடும்.

இட்லி ஆவியில் வேகிறது. சூடு ஏறக்குறைய 100 டிகிரியிலேயே நிற்கிறது, ஈரமும் நிறைய. அதனால் அங்கே இது உருவாவதில்லை என்றே சொல்லலாம். உளுந்துவடையில் மொறுமொறுப்பான மேல்தோலில்தான் வாய்ப்பு உண்டு. உள்ளே ஈரம் காக்கிறது.

அக்ரிலமைடைப் பொருட்படுத்த வேண்டியது அவசியம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் இதை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளதாக, வகைப்படுத்தியது. உணவில் இருப்பது 2002இல்தான் சுவீடனில் தெரிய வந்தது. உணவுவழி மனிதரிடம் கிடைத்த ஆதாரம் இன்னும் உறுதியாக இல்லை. ஆனாலும் குறைக்க முடிவதைக் குறைக்காமல் விடக் கூடாது.

கடைக்காரருக்கு முதல் பரிந்துரை, குளிரில் கிடந்த கிழங்கைப் பொரிக்க வாங்காதீர்கள். வாங்கிவிட்டால், சீவலைத் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். சில நிமிடம் வெந்நீரில் போட்டெடுத்தால் இன்னும் நல்லது, சர்க்கரையும் அஸ்பராஜினும் கரைந்து வெளியேறும். ஈரத்தைத் துடைத்த பிறகு, எண்ணெயை 175 டிகிரிக்கு மேல் விடாமல் பொரித்து, பொன்னிறத்திலேயே அரித்து எடுங்கள். நேந்திரங்காய் சிப்ஸுக்கும் இதே கணக்கு: பழுக்கத் தொடங்கிய காயில் சர்க்கரை ஏறியிருக்கும், அதை ஒதுக்க வேண்டும்.

அஸ்பராஜினேஸ் நொதி அஸ்பராஜினை அஸ்பார்டிக் அமிலமாக மாற்றிவிடும். ஆனால் பிஸ்கட் மாவில் எளிதாகக் கலக்கும் அது, சீவிய கிழங்குக்குள் அவ்வளவாக இறங்காது. இந்தக் கடைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பேக்கரிக்கு அது பொருந்தும். அங்கே அம்மோனியம் பைகார்பனேட்டுக்குப் பதில் சமையல் சோடா சேர்ப்பதும், ரொட்டி மாவை நீண்ட நேரம் புளிக்கவிட்டு ஈஸ்ட் அஸ்பராஜினைத் தின்ன விடுவதும் பலன் தரும்.