ஆய்வு முடிவுகள்: சென்னையில் எங்களோடு மூன்று ஆண்டுகள் இருந்தவர்களுக்கு

மார்ச் 2006

அன்புடையீர்,

வணக்கம். இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் நீங்கள் கலந்துகொண்டீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றோடு வந்து, குமட்டும் அளவுக்கு இனிப்பான அந்தக் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் கையை நீட்டினீர்களே, அதன் பலன் இப்போது கையில் இருக்கிறது. முடிவுகள் ஆங்கிலத்தில், டயபெட்டாலஜியா என்ற மருத்துவ இதழில் வந்துவிட்டன. ஆனால் அதில் இருக்கும் எண்கள் உங்கள் ரத்தத்திலிருந்து வந்தவை. அதனால் அவை உங்களுக்குப் புரியும்படி உங்களிடம் வந்து சேர வேண்டும் என்று நினைத்து இதை எழுதுகிறோம்.

முதலில் நன்றி. சும்மா மரியாதைக்குச் சொல்வதில்லை. உங்களுக்கு அப்போது நோய் இல்லை, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ஊசி?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். ஆபீஸுக்கு லீவு போட்டோ பர்மிஷன் வாங்கியோ வந்தீர்கள். நாங்கள் மாதம் ஒருமுறை போன் செய்து "நடக்கிறீர்களா?" என்று கேட்டபோது எரிச்சல் படாமல் பதில் சொன்னீர்கள் (சிலர் எரிச்சல் பட்டீர்கள், அதுவும் நியாயம்தான்). இப்படி நடுவில் பலர் விட்டுவிட்டுப் போயிருந்தால் இந்த முடிவுகளுக்கு மதிப்பே இருந்திருக்காது.

சரி, என்ன பார்த்தோம் என்பதை ஒருமுறை நினைவுபடுத்துகிறோம். சேரும்போது உங்கள் எல்லோருக்கும் சர்க்கரை அளவு "பார்டரில்" இருந்தது, அதாவது குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு 140-க்கும் 199-க்கும் நடுவில். 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இந்த நிலையில் இருப்பவர்கள் நோய்க்குள் போகாமல் நிறுத்த முடியுமா என்பதுதான் கேள்வி. சீனா, பின்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் முடியும் என்று ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். ஆனால் அமெரிக்க ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் நல்ல பருமனானவர்கள், எடை குறைப்பதுதான் அவர்களுக்குப் பெரிய வேலை. நம் ஊரில் தொப்பை கொஞ்சம் இருக்கும், மற்றபடி ஆள் ஒல்லியாகவே இருப்பார், ஆனாலும் சர்க்கரை வந்துவிடும். அங்கே பலித்தது இங்கே பலிக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் உங்களைக் கூப்பிட்டோம்.

மொத்தம் 531 பேர். நான்கு குழுக்கள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 130 பேர். யார் எந்தக் குழு என்பது குலுக்கல் மாதிரிதான் முடிவானது, எங்கள் விருப்பம் அதில் இல்லை. ஒரு குழுவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இன்னொரு குழுவுக்குத் தினமும் அரை மணி நேர நடை, கூடவே சர்க்கரை, எண்ணெய், மாவுப் பண்டங்களைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டும் சாப்பாட்டுமுறை. மூன்றாவது குழுவுக்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காவது குழுவுக்கு நடை, சாப்பாட்டுமுறை, மாத்திரை எல்லாமே.

இப்போது முடிவு. ஒவ்வொரு குழுவிலும் 100 பேர் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பொது அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்று ஆண்டுகளுக்குள் 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் சாப்பாட்டுமுறையும் பின்பற்றிய குழுவில் 39 பேர். மாத்திரைக் குழுவில் 40 பேர். எல்லாம் சேர்ந்த குழுவிலும் 40-தான்.

அந்த 55-ஐப் பார்த்து நாங்களே கொஞ்சம் ஆடிப்போனோம். அமெரிக்காவில் இதே நிலையில் இருந்தவர்களில் மூன்று ஆண்டுகளில் நோய்க்குள் போனவர்கள் 100-க்கு 29 பேர். நமக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆக "பார்டர்தானே, பரவாயில்லை" என்று நம் ஊரில் சொல்லிக்கொள்ளவே முடியாது. வீட்டில் அண்ணனோ தங்கையோ அப்படிச் சொன்னால் இந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டுங்கள்.

இன்னொரு விஷயம், எங்களுக்கு மிகவும் பிடித்தது. நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. "ஆறு மாசமா நடக்கிறேன், வெயிட் மெஷின் முள் அசையவே மாட்டேங்குது, நிறுத்திடலாமா?" என்று போனில் கேட்டவர்கள் நிறைய பேர். அப்போது எங்களிடம் உறுதியான பதில் இல்லை. இப்போது இருக்கிறது: நிறுத்த வேண்டாம்.

மாத்திரையும் நடையும் சேர்ந்தால் இரட்டிப்புப் பலன் கிடைக்கும் என்று எதிர்பார்த்தோம், கிடைக்கவில்லை. ஒன்று செய்தாலே வருகிற பலன்தான் இரண்டும் செய்தாலும் வந்தது. மாத்திரை அளவும் மிகச் சிறியது, 250 மில்லிகிராம் காலையும் இரவும். முதலில் சேர்ந்த சிலருக்கு 500 கொடுத்தபோது சர்க்கரை தாழ்ந்த மாதிரி அறிகுறிகள் வந்ததால் அதைக் குறைத்தோம், அந்த முதல் ஆட்களுக்கு இது நினைவிருக்கும். குறைத்த அளவே வேலை செய்திருக்கிறது. அதற்காக மருந்துக் கடையில் நீங்களாகப் போய் வாங்கிச் சாப்பிடாதீர்கள், உங்கள் டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். மாத்திரைக் குழுவில் இருந்தவர்கள் அதைத் தொடரலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

இனி கொஞ்சம் சங்கடமான பகுதி. நடந்தும், சாப்பாட்டைக் குறைத்தும், மாத்திரையை ஒரு நாள் விடாமல் போட்டும் நோய் வந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். 100-க்கு 39 என்றால் அந்த 39 பேர் சோம்பேறிகள் என்று அர்த்தம் இல்லை. ஆறு ஏழு பேர் மூன்று ஆண்டுகள் ஒழுங்காகச் செய்தால் அவர்களில், எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் நோய் வந்திருக்கக்கூடிய ஒருவர் தப்புகிறார், கணக்கு அவ்வளவுதான். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த டெஸ்டும் இல்லை. இந்த எண்கள் குழுவைப் பற்றியவை, தனியாக உங்கள் உடம்பைப் பற்றியவை அல்ல.

பொது அறிவுரைக் குழுவில் இருந்தவர்களுக்கு "எங்களை மட்டும் சும்மா விட்டுவிட்டார்களே" என்று தோன்றலாம். தோன்றினால் தப்பில்லை. நீங்கள் இல்லாமல் மற்ற மூன்று குழுக்களின் எண்ணை எதோடு ஒப்பிடுவது? நம்மவர்களுக்கு வழி இருக்கிறது என்று இன்று சொல்ல முடிவது உங்களால்தான். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே சாப்பாட்டு, நடை விவரங்கள் இப்போது உங்களுக்கும் தயாராக இருக்கின்றன, நேரில் உட்கார்ந்து பேசித் தருகிறோம்.

இந்த ஆய்வைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. நாம் பார்த்தது மூன்று ஆண்டுகள் மட்டும். கண், சிறுநீரகம், இதயம் பற்றி இதில் எதுவும் தேடவில்லை. 531 பேரில் 421 பேர் ஆண்கள், பெண்கள் 110 பேர்தான். எல்லோரும் சேரும்போது 35-இலிருந்து 55 வயதுக்குள் இருந்தவர்கள். உங்கள் எழுபது வயது அம்மாவுக்கு இதை அப்படியே பொருத்தாதீர்கள்.

உங்களுடைய சொந்த ரிப்போர்ட், முதல் நாளிலிருந்து கடைசி டெஸ்ட் வரை, இந்தக் கடிதத்தோடு தனி உறையில் ஒட்டி வைத்திருக்கிறோம். உங்களைத் தவிர யாருக்கும், உங்கள் ஆபீஸுக்கும்கூட, அது போகவில்லை. இதழில் வந்த கட்டுரையிலும் யார் பெயரும் கிடையாது. ரிப்போர்ட்டில் எது புரியாவிட்டாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஏப்ரல் மாதம் முழுவதும் சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, நீங்கள் வழக்கமாக ரத்தம் கொடுத்த அதே அறையில் இருப்போம். வீட்டுக்காரரையோ வீட்டம்மாவையோ கூட்டி வந்தால் இன்னும் நல்லது, சமையல் பற்றிப் பேசும்போது சமைப்பவரும் பக்கத்தில் இருக்க வேண்டும் இல்லையா.

நோய் வராதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சனிக்கிழமைகளில் சாப்பிட்டுவிட்டே வரலாம், குளுக்கோஸ் தண்ணீர் கிடையாது.

அன்புடன்,
ஆய்வுக் குழுவினர்
சென்னை