மலர்விழி – கதிரேசன் திருமண உறுதிமொழி

மணமகள் மலர்விழி:

சபையில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். அப்பத்தா, நீ கேட்டுக்கிட்ட மாதிரி இன்னிக்கு ஒரு நாள் அவரை 'நீங்க'ன்னே கூப்பிடுறேன்.

கதிர், 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு எங்க தோப்புல தென்னை எல்லாம் வேரோட சாஞ்சு கெடந்துச்சு. பேராவூரணி முழுக்க இருட்டு. கம்பம் நட வெளிமாவட்டத்துலேருந்து வந்தவங்கள்ல ஈரோட்டுக்காரரா நீங்களும் ஒருத்தர். எங்க தெருவுல கரண்ட் வந்த அன்னிக்கு எல்லாரும் கை தட்டுனாங்க. நீங்க கம்பத்தடியில உக்காந்து உள்ளங்கை சிராய்ப்புல ஒட்டின மண்ணை ஊதிக்கிட்டு இருந்தீங்க. நான் டெட்டால் கொண்டாந்தேன். "ஒரு சொம்பு தண்ணி போதுமுங்க"ன்னு சொல்லிட்டீங்க.

அன்னிக்கே பிடிச்சுப்போச்சுன்னு சொன்னா பொய். அன்னிக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. பிடிச்சது அடுத்த பொங்கலுக்கு. எங்கப்பாவுக்கு போன் போட்டு, "புதுசா வெச்ச தென்னங்கன்னு புடிச்சுக்கிச்சுங்களா"ன்னு கேட்டீங்க பாருங்க, அப்பதான்.

நீங்க கம்பத்து மேல இருக்கற நேரத்துல நான் போன் பண்ண மாட்டேன். எறங்கினதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க, போதும். ஆனா லைன்ல கரண்ட்டை நிறுத்தியாச்சுன்னு எல்.சி. வாங்காம, எர்த் ராடு மாட்டாம நீங்க ஏறக்கூடாது. மேல இருக்கறவங்க அவசரப்படுத்தினாலும் சரி, ஊரே கீழ நின்னு கத்தினாலும் சரி. ஷாக் அடிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களை நான் வார்டுல பார்த்திருக்கேன். கல்யாண மேடையில அதுக்கு மேல சொல்ல வேணாம்.

எனக்குக் கோவம் வந்தா வாயைத் தொறக்க மாட்டேன். மூணு நாள் கூட ஆகும். அதை மாத்திக்கிடுவேன்னு வாக்குக் குடுக்க எனக்கே நம்பிக்கை இல்ல. ஆனா என்ன கோவம்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிடுவேன். நீங்களா கண்டுபிடிக்கணும்னு விட மாட்டேன்.

என் சம்பளத்துல தோப்புக் கடன் இன்னும் ரெண்டு வருஷம் போகும். அதைத் தெரிஞ்சும் நீங்க ஒரு வார்த்தை கேக்கல. உங்க தங்கச்சி படிப்புச் செலவை நானும் கேக்க மாட்டேன்.

அப்பத்தாவும் தாத்தாவும் 1965ல இதே மாதிரி சுயமரியாதைக் கல்யாணமா மாலை மாத்திக்கிட்டவங்க. அப்ப இந்தக் கல்யாணத்துக்குச் சட்டம் இல்ல. 1968ல சட்டம் வந்து, முன்னாடி நடந்ததும் செல்லும்னு சொன்னப்ப அவங்க கையில எங்கப்பா இருந்தாரு. ரெண்டு பேருக்கும் புரியற மொழியில சொல்லணும்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு. அதனாலதான் பேசற மாதிரியே எழுதிக்கிட்டு வந்தேன்.

மலர்விழியாகிய நான், கதிரேசனை என் கணவரா ஏத்துக்கிறேன்.

மணமகன் கதிரேசன்:

எல்லாத்துக்கும் வணக்கமுங்க.

மலரு, நாலு பக்கம் எழுதி நேத்து ராத்திரி கிழிச்சுப் போட்டேன். அதுல நிலா மூணு எடத்துல வந்துச்சு. படிச்சிருந்தா நீ சிரிச்சிருப்பே. இது காலையில எழுதுனது.

நீ கேட்ட வாக்கு குடுத்தேன். எல்.சி. இல்லாம ஏற மாட்டேன். ஃபியூஸ் கேரியரப் புடுங்கி என்ற சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுத்தான் கம்பத்துல கைய வெப்பேன்.

ஆனா புயல்னு கூப்புட்டா எந்த ஊருக்கும் போவேன். அதை மட்டும் வேண்டாம்னு சொல்லீராத. போன எடத்துல இருந்து உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். பயமா இருந்தா பயமா இருக்குதுன்னே சொல்லுவேன்.

நீ நைட் டூட்டி முடிச்சு வந்து தூங்கற பகல்ல ஊட்டுல மிக்சி ஓடாது. சோறு நான் ஆக்கீருவேன். ரசம் வரும். கொழம்பு இன்னும் கைகூடலை, எங்கம்மாகிட்டக் கத்துக்கிட்டு இருக்கறேன். அதுவரைக்கும் ரசம்தான்.

துண்டுச் சீட்டு ஒட்டுனா கண்டிப்பாப் படிப்பேன். பதிலை வாயில சொல்ல வரலைன்னா, அதுக்குக் கீழயே எழுதறேன்.

கதிரேசனாகிய நான், மலர்விழியை என்ற மனைவியா ஏத்துக்கறேன்.

அப்பறம், அந்த 'நீங்க' இந்த மேடையோட போதும். எப்பவும் போல 'நீ'ன்னே கூப்புடு. அப்பத்தாகிட்ட நான் பேசிக்கறேன்.