உறுதிமொழிப் பத்திரங்களுக்குச் சான்றொப்பம் கோரும் முகப்புக் கடிதம்

திருச்சிராப்பள்ளி,
07.07.2025

அனுப்புநர்:
ச. செல்வராணி,
கே.கே. நகர், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
கொன்சியூலர் பிரிவுப் பொறுப்பதிகாரி அவர்கள்,
இலங்கைத் துணை உயர் ஆணையகம்,
நுங்கம்பாக்கம், சென்னை.

பொருள்: யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டிய மூன்று உறுதிமொழிப் பத்திரங்களுக்குச் சான்றொப்பம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

என் தாயார் பரமேஸ்வரி சண்முகம் 2019இல் திருச்சிராப்பள்ளியில் மரணசாசனம் எழுதாமல் காலமானார். சாவகச்சேரியில் அவருக்குச் சீதனமாகக் கிடைத்த காணி தொடர்பாக என் அண்ணன் யோகராசா யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்துள்ளார். 1964ஆம் ஆண்டின் சீதன உறுதியில் தாயாரின் பெயர் தந்தை பெயருடன் ‘கந்தையா பரமேஸ்வரி’ என்றும், இந்திய இறப்புச் சான்றிதழில் கணவர் பெயருடன் ‘பரமேஸ்வரி சண்முகம்’ என்றும் இருப்பதால், இருவரும் ஒருவரே என்பதைச் சத்தியக்கடதாசி மூலம் உறுதிப்படுத்துமாறு எங்கள் சட்டத்தரணி கேட்டுள்ளார். அதற்கான பத்திரங்களை இத்துடன் அனுப்புகிறேன்.

1. பெயர் வேறுபாடு குறித்த என் உறுதிமொழிப் பத்திரம், அசல், 3 பக்கங்கள்.

2. அண்ணன் நிர்வாகியாக நியமிக்கப்படுவதற்கு ஆட்சேபணை இல்லை என என் தம்பி தவராசா அளித்த பத்திரம், அசல், 2 பக்கங்கள்.

3. தாயாரின் தங்கை நாகேஸ்வரி, வயது 81, அளித்த பத்திரம், அசல், 2 பக்கங்கள். தாயாரின் திருமணத்துக்கு முன்னும் பின்னும் அவரை அறிந்தவர்களில் இன்று எங்களோடு இருப்பவர் இவர் ஒருவரே. ஆகவே மூன்றிலும் இதுவே முக்கியமானது. கைநடுக்கம் காரணமாக அவர் கையொப்பமிடாமல் இடது பெருவிரல் ரேகை வைத்துள்ளார். வாசகம் முழுவதும் அவருக்குப் படித்துக் காட்டப்பட்டு, அவர் புரிந்துகொண்டதாக நோட்டரி எழுதிய குறிப்பு இரண்டாம் பக்கத்தில் ரேகைக்குக் கீழே உள்ளது.

4. தாயாரின் இறப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், சீதன உறுதி ஆகியவற்றின் நோட்டரி சான்றிட்ட நகல்கள், ஒவ்வொன்றும் ஒன்று.

5. எங்கள் மூவரின் இலங்கைக் கடவுச்சீட்டு நகல்கள்.

6. தங்கள் அலுவலகம் தொலைபேசியில் தெரிவித்த கட்டணத்துக்கான வங்கி வரைவோலையும், முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறையும்.

மூன்று பத்திரங்களும் 200 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதப்பட்டு, 12.06.2025 அன்று நோட்டரி முன்னிலையில் உறுதிசெய்யப்பட்டவை. பக்கங்கள் இணையும் இடத்தில் இரு தாள்களிலும் படியுமாறு நோட்டரியின் முத்திரை இடப்பட்டிருப்பதால், நகலெடுக்கும்போது தைப்பைப் பிரிக்காதிருக்க வேண்டுகிறேன். அப்போஸ்டில் வழியில் அல்லாமல், தமிழ்நாடு அரசின் சான்றொப்பமும், அதன்பின் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் சென்னைக் கிளைச் செயலகத்தின் சான்றொப்பமும் பத்திரங்களின் பின்புறத்தில் பெறப்பட்டுள்ளன.

வழக்கு 18.08.2025 அன்று மீண்டும் அழைக்கப்படவிருப்பதாலும், அசல்கள் அதற்குமுன் யாழ்ப்பாணம் சென்று சேர வேண்டியிருப்பதாலும், இயன்றவரை விரைவில் சான்றொப்பமிட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சின்னம்மாவால் பயணம் செய்ய இயலாது. அவரது பத்திரம் குறித்து விளக்கம் தேவைப்பட்டால், நானோ தம்பியோ நேரில் வரத் தயாராக உள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. செல்வராணி