வானிலை அறிக்கை: வாசித்து விடையளி

மாலை வகுப்புப் பயிற்சித்தாள், எட்டாம் ஒன்பதாம் வகுப்புகளுக்கு. கீழே இருப்பது பயிற்சிக்காக எழுதிய அறிக்கை, ஆனால் நடை அசல் அறிக்கையின் நடைதான். ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கேள்விக்கு வாருங்கள். "மழை வரும்னு போட்டிருக்கு சார்" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது.

அறிக்கை

மதுரை மாவட்டம். வெளியிட்ட நேரம்: செவ்வாய், மதியம் 1 மணி.

தென்மேற்கு வங்கக்கடலில் நிலவும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி காரணமாகத் தென் மாவட்டங்களில் மூன்று நாட்களுக்கு மழை வாய்ப்பு உள்ளது. ஒவ்வொரு நாளும் அன்று காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடப்படும். மழை வாய்ப்பு என்பது மதுரை நகருக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மழை பதிவாவதற்கான வாய்ப்பு.

புதன்: பல இடங்களில் இடி மின்னலுடன் மிதமான மழையும், ஓரிரு இடங்களில் கனமழையும் (7 முதல் 11 செ.மீ.) பெய்யக்கூடும். மழை வாய்ப்பு 60%. மஞ்சள் எச்சரிக்கை.

வியாழன்: சில இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும். மழை வாய்ப்பு 40%. எச்சரிக்கை இல்லை.

வெள்ளி: ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும். மழை வாய்ப்பு 20%. எச்சரிக்கை இல்லை.

மூன்று நாட்களும் அதிகபட்ச வெப்பநிலை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குறைந்தபட்சம் 23 முதல் 24 டிகிரி. இடியுடன் மழை பெய்யும்போது மணிக்கு 30 முதல் 40 கி.மீ. வேகத்தில் காற்று வீசலாம்.

தேனி மாவட்ட மலைப்பகுதிகளில் புதனன்று ஓரிரு இடங்களில் மிக கனமழை (12 முதல் 20 செ.மீ.) பெய்யக்கூடும். ஆரஞ்சு எச்சரிக்கை. வைகை அணை நீர்மட்டம் இன்று காலை 67 அடி, முழுக் கொள்ளளவு 71 அடி.

கேள்விகள்

1. புதனன்று 60% என்றால் நாளின் 60% நேரம் மழை பெய்யும் என்று பொருளா?
2. வியாழன் விடிகாலை 6 மணிக்குத் தல்லாகுளத்தில் மழை பெய்கிறது. அது எந்த நாளின் முன்னறிவிப்பில் அடங்கும்?
3. மாவட்டத்தில் 20 மழைமானிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதனன்று கனமழை அதிகபட்சம் எத்தனை மானிகளில் பதிவாகலாம் என்று அறிக்கை சொல்கிறது?
4. ஒரே நாளில் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் எதிலிருந்து எது வரை இருக்கலாம்?
5. புதன், வியாழன் இரண்டு நாளும் மழையே இல்லாமல் போக வாய்ப்பு எவ்வளவு?
6. வாடிப்பட்டியில் ஒரு அக்கா அறுத்த நெல்லை ரோட்டில் காயப்போட வேண்டும். எந்த நாளைச் சொல்வீர்கள்?
7. புதன் மாலை வரை மதுரையில் சொட்டு மழை இல்லை. வியாழன் காலை யானைக்கல் பக்கம் ஆற்றுக்குள் மாட்டை ஓட்டிப் போகலாமா?

விடைகளும் விளக்கமும்

1. இல்லை. மழை எவ்வளவு நேரம் பெய்யும், எவ்வளவு கனமாகப் பெய்யும் என்பதை இந்த எண் சொல்வதே இல்லை. இதே நிலவரம் உள்ள பத்து நாட்களை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய ஆறு நாளில் மழை பதிவாகும், நாலு நாளில் ஆகாது. அந்த ஆறில் ஒரு நாள் பத்து நிமிடத் தூறலாகக்கூட இருக்கலாம். அதனால் புதனன்று மழை வராவிட்டால் அறிக்கை பொய் என்று எழுதக் கூடாது. 60% என்று சொன்ன எல்லா நாளும் மழை கொட்டியிருந்தால்கூட கணிப்பில் கோளாறுதான்.

2. புதன். நாள் 8.30க்குத்தான் மாறுகிறது. நம் காலண்டரில் அது வியாழன் என்பதால் பாதி பேர் இங்கேதான் வழுக்குவீர்கள்.

3. ஐந்து. "ஓரிரு இடங்கள்" என்றால் கால் பங்கு இடங்கள் வரை, "சில இடங்கள்" என்றால் அதற்கு மேல் பாதி வரை, "பல இடங்கள்" என்றால் பாதிக்கு மேல் முக்கால் வரை. இது இடக்கணக்கு, நேரக்கணக்கு இல்லை. மேலூரில் சாக்கடை நிரம்பி ஓட, திருமங்கலத்தில் வெயில் காய்ந்தாலும் அறிக்கை சரியாகவே இருக்கலாம்.

4. 7 முதல் 10 டிகிரி வரை. சிறிய வித்தியாசத்துக்கு 31இலிருந்து 24ஐக் கழிக்க வேண்டும், பெரியதுக்கு 33இலிருந்து 23ஐ. பெரியதைப் பெரியதோடும் சிறியதைச் சிறியதோடும் கழித்து 9, 8 என்று எழுதினால் தவறு.

5. முந்தைய பாடத்தில் படித்தபடி 0.4ஐ 0.6ஆல் பெருக்கி 24% என்று போடக் கை துறுதுறுக்கும். இரண்டு நிகழ்ச்சியும் ஒன்றை ஒன்று சாராதவையாக இருந்தால்தான் அந்தப் பெருக்கல் செல்லும். இங்கே இரண்டு நாள் மழைக்கும் காரணம் ஒரே தாழ்வுப் பகுதி. அது விலகிப் போனால் இரண்டு நாளும் சேர்ந்தே வறண்டு போகும். ஆக இந்த அறிக்கையை மட்டும் வைத்துச் சரியான எண்ணைச் சொல்ல முடியாது. புதன் வறளவே 40% தான் வாய்ப்பு, அதனால் இரண்டும் வறள அதற்கு மேல் போகாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். "40%க்கு மிகாது" என்று காரணத்தோடு எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண். பெருக்கியவர்களுக்குப் பாதி.

6. வெள்ளி. ஆனாலும் 20% என்பது பூஜ்யம் இல்லை, தார்ப்பாயைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதோடு இந்த எண் மதுரை நகருக்கானது, வாடிப்பட்டிக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. இதைத் தானாகக் கவனித்து எழுதியவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

7. கூடாது. நகருக்கு வரும் வெள்ளம் நகரில் பெய்த மழையால் மட்டும் வருவதில்லை. வருசநாட்டு மலையில் கொட்டுவதும், முல்லைப் பெரியாற்றிலிருந்து வருவதும் வைகை அணையில் சேர்ந்துதான் இங்கே இறங்குகிறது. அணையில் 66 அடிக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5க்கு இரண்டாவது, 69க்கு மூன்றாவது. 67 அடியில் முதல் எச்சரிக்கை ஏற்கெனவே வந்தாயிற்று, இரண்டாவதுக்கு இன்னும் ஒன்றரை அடிதான். தேனி மலையில் அறிக்கை சொன்ன மழை பெய்தால் அது நிரம்ப வெகுநேரம் ஆகாது.

நிறங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டே இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்கு. மதுரைக்கு மஞ்சள்தானே என்று நம் மாவட்ட வரியை மட்டும் படித்து நிறுத்தியவர்கள் இந்தக் கேள்வியில் மாட்டியிருப்பீர்கள். ஆற்றங்கரையில் குடியிருப்பவர்கள் தேனியின் நிறத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். சந்தேகம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

அடுத்த வகுப்புக்கு: புதனன்று மாலை வானம் இருட்டி இடி கேட்கிறது, கிரிக்கெட் ஆடும் பையன்கள் புளியமரத்தடியில் ஒதுங்கலாமா? அறிக்கையில் எந்தச் சொல்லை வைத்து முடிவு செய்தீர்கள் என்று ஒரு பத்தி எழுதி வாருங்கள்.