திருவையாறு வீட்டு வடாம்: வாட்ஸ்அப் பிசினஸில் ஏற்ற வேண்டிய செய்திகள்

வரவேற்பு (புதிதாக எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் தானாகப் போகும்)

வணக்கம், வாங்க! திருவையாற்றில் எங்கள் வீட்டு மாடியில் பிழிந்து காய்கிற வடாமும் வத்தலும் இங்கே கிடைக்கும். என்ன வேண்டும், எத்தனை கிராம், எந்த ஊர் என்று மூன்றையும் ஒரே செய்தியில் எழுதிவிடுங்கள். நானே படித்துப் பதில் சொல்வேன்.

ஆள் இல்லாத நேரம் (தினமும் இரவு 8 முதல் காலை 9 வரை, போனில் நெட் ஓடினால்தான் போகும்)

செய்தி வந்துவிட்டது. விடிகாலையில் கூழ் கிளறி, வெயில் ஏறுவதற்குள் பிழிந்து முடிக்க வேண்டும், அதனால் 9 மணிக்கு மேல்தான் போனைப் பார்ப்பேன். அவசரமென்றாலும் இரவில் அழைக்காதீர்கள். எழுதி வையுங்கள், வரிசைப்படி பதில் வரும்.

ஆராதனை நாட்களுக்கு மட்டும் (தேதி குறித்துப் போடவும்)

தியாகராஜர் ஆராதனைக்காக ஊரில் கூட்டம் அதிகம். வீட்டிலும் விருந்தாளிகள். ஆர்டர் எழுதிக்கொள்கிறோம், பார்சல் ஆராதனை முடிந்த பிறகே கிளம்பும். பாட்டுக் கேட்க வருபவர்கள் நேரில் வந்தும் வாங்கிக்கொள்ளலாம்.

விரைவுப் பதில்கள் (சாய்கோடு தட்டினால் வரும்)

/விலை
கால் கிலோ: இலை வடாம் 150, கூழ் வடாம் 100, ஜவ்வரிசி வடாம் 110, மோர் மிளகாய் 120. நூறு கிராம்: மணத்தக்காளி வத்தல் 130, சுண்டை வத்தல் 90. தபால் செலவு தனி.

/பணம்
இதே எண்ணுக்கு ஜிபே செய்து, ஸ்க்ரீன்ஷாட்டும் முகவரியும் பின்கோடும் அனுப்புங்கள். நாங்கள் லிங்க் எதுவும் அனுப்புவதில்லை. பணம் திருப்பித் தர வேண்டி வந்தாலும் உங்கள் ஜிபே பின் நம்பரைக் கேட்க மாட்டோம். யாராவது எங்கள் பேரைச் சொல்லிக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

/பார்சல்
செவ்வாய், வெள்ளி ஸ்பீட் போஸ்ட். டிராக்கிங் எண் அன்று மாலையே வரும்.

/மழை
ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் வடாம் பிழிவதில்லை. மின்விசிறிக்கு அடியில் காயவைத்தால் மேலே காய்ந்தாற்போல் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும், சீக்கிரமே வாடை வரும். அதை உங்களுக்கு விற்க எனக்கு மனம் வராது. பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்த சரக்கு இருக்கும்வரை தருகிறோம். தீர்ந்தால் தீர்ந்ததுதான். தை பிறந்து வெயில் நன்றாக விழுந்ததும் சொல்லி அனுப்ப வேண்டுமா? "ஆம்" என்று மட்டும் எழுதுங்கள், பெயரைக் குறித்துக்கொள்கிறேன்.

/பொரிக்க
எண்ணெய் நன்றாகக் காய வேண்டும். ஒரு துண்டு போட்டதும் பூத்து மேலே வந்தால் சரி. மோர் மிளகாய்க்கு மட்டும் தீயைக் குறையுங்கள், இல்லையென்றால் தோல் கருகிவிடும். நமத்துப்போன வடாமை அரைமணி வெயிலில் வைத்துப் பிறகு பொரியுங்கள்.

/உடைசல்
வருத்தமாக இருக்கிறது. இலை வடாம் ஓரம் உதிரும், அது இயல்பு. பாதிக்கு மேல் நொறுங்கியிருந்தால் டப்பாவைத் திறந்தபடி போட்டோ எடுத்து அனுப்புங்கள். அடுத்த பார்சலில் அதே அளவு சேர்த்து வைக்கிறேன். அடுத்து வாங்கப் போவதில்லை என்றால் பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.