நகைச்சுவையின் இரு கோட்பாடுகள்: மேன்மையும் இறுக்கத் தளர்வும்

மாட்டுத்தாவணி பேருந்து நிலையம். முதல் நாள் பெய்த மழையில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, சுற்றி நிற்பவர்களை அதட்டி விலக்கியபடி ஒருவர் வருகிறார். நகரத் தொடங்கிவிட்ட பேருந்தின் படிக்கட்டில் தாவப் பார்க்கிறார், கால் வழுக்குகிறது, தண்ணீரில் உட்கார்ந்துவிடுகிறார். கூட்டம் சிரிக்கிறது.

இன்னொரு இடம், கல்லூரியில் வைவா. வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் கடுகடுவென்று கேள்வி கேட்கிறார். மாணவி பதில் தெரியாமல் நிற்கிறாள். ஊசி விழுந்தால் கேட்கும். அப்போது தேர்வாளரின் சட்டைப்பையில் இருந்த போன் உச்ச சத்தத்தில் குத்துப்பாட்டு ஒன்றைப் பாடுகிறது. அறை முழுக்கச் சிரிக்கிறது, பதில் தெரியாமல் நின்றவள் உட்பட.

முதல் சிரிப்பை விளக்க மேன்மைக் கோட்பாட்டையும், இரண்டாவதை விளக்க இறுக்கத் தளர்வுக் கோட்பாட்டையும் எடுப்பது வழக்கம். பாடத்தில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால், ஒன்று சரியென்றால் மற்றது தப்பு என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அவை கேட்கும் கேள்விகளே வேறு. சிரிப்பவருக்கும் சிரிப்புக்கு ஆளானவருக்கும் இடையே என்ன உறவு என்று கேட்பது மேன்மைக் கோட்பாடு. சிரிப்புக்கு இந்த வேகம் எங்கிருந்து வந்தது, அதற்கு முன் எது அடைபட்டுக் கிடந்தது என்று கேட்பது இறுக்கத் தளர்வுக் கோட்பாடு. இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

மேன்மைக் கோட்பாடு

இதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. தன்னைப் பற்றித் தானே தப்பாக நினைத்துக்கொண்டிருப்பவன்தான் நகைப்புக்கு உரியவன் என்று பிளேட்டோ ‘பிலெபஸ்’ உரையாடலில் சொல்கிறார். தன் செல்வத்தையோ அழகையோ அறிவையோ இருப்பதைவிடப் பெரிதாக எண்ணுபவன், ஆனால் பதிலடி கொடுக்கும் பலம் இல்லாதவன். பலம் உள்ளவனின் அறியாமை சிரிப்பைத் தராது, பயத்தைத்தான் தரும். அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ நூலில் ஒரு வரம்பு கட்டுகிறார்: நகைப்புக்குரியது ஒரு குறை அல்லது பிழை, ஆனால் அது வலியையோ அழிவையோ தராததாக இருக்க வேண்டும்.

இந்தக் கருத்துக்குக் கூர்மையான வடிவம் தந்தவர் தாமஸ் ஹாப்ஸ். 1640இல் எழுதிய நூலிலும் 1651இல் வந்த ‘லெவியதான்’ நூலிலும் சிரிப்பை ஒரு திடீர்ப் பெருமிதம் என்கிறார். பிறரிடம் ஒரு குறை தென்படும்போது, அதோடு ஒப்பிட்டு நம் உயர்வு சட்டென்று நமக்குத் தெரிகிறது. அந்த நொடியின் பெருமிதமே சிரிப்பு. இதில் இரண்டு பகுதிகளை மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, ‘திடீர்’ என்பது. அந்த வேட்டிக்காரர் தினமும் அதே இடத்தில் விழுந்தால் பத்தாவது நாள் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இரண்டு, ஒப்பீடு பிறரோடு மட்டுமல்ல, நம் பழைய நிலையோடும் நடக்கலாம் என்று 1640 நூலில் ஹாப்ஸ் சொல்கிறார். முதலாண்டில் சீனியரைப் பேராசிரியர் என்று நினைத்து எழுந்து நின்று வணக்கம் சொன்னதை மூன்றாம் ஆண்டில் நினைத்துச் சிரிக்கிறோமே, அது இந்த வகை. அன்றைய நம்மைவிட இன்றைய நாம் மேல்.

ஹாப்ஸ் இந்தச் சிரிப்பைப் புகழ்ந்தார் என்று எழுதிவிடாதீர்கள். பிறர் குறையைக் கண்டு அதிகம் சிரிப்பது சிறுமனத்தின் அடையாளம், தன்னிடம் திறமை குறைவு என்று உணர்ந்தவர்களே அப்படிச் சிரிக்கிறார்கள் என்பதுதான் அவர் கருத்து.

இப்போது மாட்டுத்தாவணிக் காட்சியில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். விழுந்தவர் எழுபது வயதுப் பாட்டி: சிரிப்பு வராது, நாலு பேர் தூக்கிவிட ஓடுவார்கள். அதே வேட்டிக்காரர், ஆனால் நெற்றியில் ரத்தம்: சிரித்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். இதுதான் அரிஸ்டாட்டில் சொன்ன வரம்பு. அவர் அதட்டாமல் அமைதியாக வந்தவர்: சிரிப்பு பாதியாகும். கீழே இறங்குவதற்கு முன் அவர் எவ்வளவு உயரத்தில் தன்னை வைத்திருந்தார் என்பதே சிரிப்பின் அளவு. ஹென்றி பெர்க்சன் 1900இல் எழுதிய ‘சிரிப்பு’ நூலில், சிரிக்கும் நேரத்தில் நெஞ்சம் கொஞ்சம் மரத்துப்போக வேண்டும் என்றார். பாட்டியிடம் நம் நெஞ்சம் மரத்துப்போக மறுக்கிறது.

யாருடைய பக்கம் நிற்கிறோம் என்பதும் முக்கியம். சில்மனும் கேன்டரும் 1972இல் வெளியிட்ட ஆய்வில், கீழே உள்ளவர் மேலே உள்ளவரை மடக்கும் நகைச்சுவை மாணவர்களுக்கு அதிகம் பிடித்தது. அதிகாரப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு எதிர்த்திசை பிடித்தது. கல்லூரி விழா மேடையில் ஒரு மாணவன் துறைத்தலைவரைப் போல நடித்துக் காட்டும்போது, பின்வரிசை விசில் அடிப்பதும் முன்வரிசை புன்னகையோடு நிறுத்திக்கொள்வதும் ஏன் என்று இதை வைத்துச் சொல்லலாம். விடுதியில் கோயம்புத்தூர் மாணவன் “ஏனுங்க” என்றதும் மதுரைப் பையன்கள் சிரிப்பதும் இதே கணக்குத்தான். ‘நம் பேச்சுதான் பேச்சு’ என்ற குழு மேன்மை அங்கே வேலை செய்கிறது. அவனுக்கு அது நோகத் தொடங்கினால் அது நகைச்சுவை இல்லை, ராகிங்.

தமிழ் மரபிலிருந்து ஒரு சான்று தர விரும்பினால் தொல்காப்பியத்துக்குப் போங்கள். மெய்ப்பாட்டியல் “எள்ளல் இளமை பேதைமை மடன்” என்று நகைக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்கிறது. எள்ளல் நேரடியாக மேன்மைச் சிரிப்பு. பேதைமையும் மடனும் அதற்கு அருகில் வருகின்றன. இளமை அப்படி அடங்காது: மழலையைக் கேட்டுச் சிரிக்கும்போது நாம் குழந்தையை வென்றதாக உணர்வதில்லை. அங்கேதான் மேன்மைக் கோட்பாட்டின் எல்லை தெரிகிறது. பிரான்சிஸ் ஹட்சிசன் 1725இல் ஹாப்ஸை மறுத்தபோதும் வாதம் இதே திசையில்தான் போனது. உயர்வு மட்டும் போதுமென்றால் சிப்பியைப் பார்த்தும் நாம் சிரிக்க வேண்டும். துன்பப்படுகிறவரைப் பார்த்தால் நம் நிலை உயர்வாகத் தெரிந்தும் இரக்கம்தானே வருகிறது?

இறுக்கத் தளர்வுக் கோட்பாடு

சிந்தனையை அடக்கினால் அது கேலியாகவும் கோமாளித்தனமாகவும் வேறு வழியில் வெளிவரும் என்று ஷாஃப்ட்ஸ்பரி 1709இல் எழுதினார். இதை உடலியக்கத்தோடு இணைத்தவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர், 1860இல் வந்த ‘சிரிப்பின் உடலியல்’ கட்டுரையில். அவர் கணக்கில் உணர்ச்சி என்பது நரம்பு ஆற்றல். பயந்தால் ஓடவும் கோபம் வந்தால் அடிக்கவும் அந்த ஆற்றல் தயாராகிறது. ஆனால் பயம் பொருளற்றது என்று தெரிந்துவிட்டால், தேங்கிய ஆற்றலுக்குச் செய்ய வேலை இல்லை. நிரம்பிய கண்மாய் மறுகால் பாய்வதுபோல, எளிதாகப் போக்கு கிடைக்கும் பக்கம் அது வழிகிறது: முதலில் வாயைச் சுற்றியுள்ள தசைகள், பிறகு மூச்சுத் தசைகள், இன்னும் மிஞ்சினால் கை கால். புன்னகை, வெடிச்சிரிப்பு, பிறகு பக்கத்தில் இருப்பவனின் தோளில் அடிப்பது என்று சிரிப்பு படிப்படியாக வளர்வதைக் கவனித்தால் ஸ்பென்சர் எதைப் பார்த்து எழுதினார் என்று புரியும்.

சிக்மண்ட் ஃபிராய்ட் 1905இல் எழுதிய நூலில் ஆற்றல் சேமிப்பைப் பற்றிப் பேசுகிறார். இதை ஸ்பென்சரோடு கலந்துவிடுவதுதான் விடைத்தாளில் அடிக்கடி வரும் பிழை. ஃபிராய்டிடம் மூன்று வகை உண்டு. நகைத்துணுக்கில், ஒன்றைச் சொல்லாமல் அடக்கி வைக்கச் செலவாகும் ஆற்றல் மிச்சமாகிறது. வேடிக்கையில் மிச்சமாவது எண்ணத்துக்கான ஆற்றல். மூன்றாவதான நகைச்சுவை மனநிலையில் உணர்ச்சிக்கான ஆற்றல் மிச்சமாகிறது.

நகைத்துணுக்குக்கு நம் ஊர் எடுத்துக்காட்டு ஸ்பெஷல் நாடகத்தில் கிடைக்கிறது. மதுரைப் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் தொடங்குவதற்கு முன் பபூன் மேடைக்கு வருவார், பிறகு டான்ஸ்காரரோடு தர்க்கம். குடும்பத்தோடு உட்கார்ந்து பேச முடியாததை இரட்டைப் பொருளில் பேசுவார்கள். நேராகச் சொன்னால் கூட்டம் முகம் சுளிக்கும். சொல் விளையாட்டு ஒரு மறைப்பைத் தருகிறது, மனத்தின் காவல் ஒரு நொடி அசருகிறது. காவலுக்கு வைத்திருந்த ஆற்றல் சிரிப்பாகிறது. முறைக்காரர்களுக்குள் கல்யாண வீட்டில் நடக்கும் கேலியும் இப்படித்தான். மச்சானைக் கேலி செய்ய ஊரே அனுமதி தந்திருக்கிறது. அதே சொல்லைச் சித்தப்பாவிடம் சொல்ல முடியாது.

மூன்றாவது வகைக்கு ஃபிராய்ட் தரும் எடுத்துக்காட்டு, திங்கட்கிழமை தூக்குமேடைக்குக் கொண்டுபோகப்படும் கைதி “இந்த வாரம் நல்லாத்தான் ஆரம்பிக்குது” என்பது. நான்கு அரியர் விழுந்தவன் முகத்தைப் பார்த்து நண்பர்கள் ஆறுதல் சொல்லத் தயாராகிறார்கள். அவன், “புதுப் புத்தகம் வாங்குற காசு மிச்சம்டா மாப்ளே” என்கிறான். இரக்கத்துக்காக எடுத்து வைத்த ஆற்றல் செலவாகாமல் நின்றது, அதனால் சிரிக்கிறார்கள். இந்த இடத்தில் பலரும் “இடுக்கண் வருங்கால் நகுக” என்ற குறளை எழுதி, ஃபிராய்டுக்கு முன்பே வள்ளுவர் சொன்னார் என்று முடித்துவிடுகிறார்கள். அது பொருந்தாது. பரிமேலழகர் அதற்கு உள்ளே மகிழ்க என்றுதான் உரை சொல்கிறார். துன்பத்தை வெல்ல ஓர் அறிவுரை அது; சிரிப்பு எப்படிப் பிறக்கிறது என்ற விளக்கம் அல்ல.

இந்தக் கோட்பாட்டின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். நரம்பு ஆற்றல் தேங்கி வழிகிறது என்ற படத்தை இன்றைய நரம்பியல் ஏற்பதில்லை. இறுக்கம் தளர்ந்தாலே சிரிப்பு வரும் என்பதும் இல்லை. தேர்வு முடிவில் தேறிவிட்டோம் என்று தெரிந்ததும் சிலர் அழுகிறார்கள், சிலர் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனாலும் பதற்றத்துக்கும் சிரிப்புக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஷர்க்ளிஃப் 1968இல் செய்த சோதனை நல்ல ஆதாரம். கூண்டில் உள்ள எலியைக் கையில் எடுக்க வேண்டும் என்று ஒரு குழுவிடமும், அதனிடமிருந்து ஊசியால் ரத்தம் எடுக்க வேண்டும் என்று வேறு குழுக்களிடமும் சொன்னார்கள். கூண்டில் இருந்தது பொம்மை எலி. அதிகம் பதறியவர்களுக்கே அது அதிக வேடிக்கையாக இருந்தது.

வைவா அறைக்குத் திரும்புவோம். அதே போன், அதே பாட்டு, கேன்டீனில் ஒலித்திருந்தால் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். எனவே முன்பு இருந்த இறுக்கம் தேவை. சரி, இறுக்கம் அப்படியே இருக்க, ஒலித்தது தேர்வாளரின் போன் இல்லை, ஆய்வக உதவியாளரின் போன் என்று வையுங்கள். சிரிப்பு வரும், ஆனால் சிறியதாக. அந்தக் குறைந்த பங்குதான் மேன்மையின் பங்கு: அதிகாரத்தில் இருந்தவர் ஒரு நொடி கீழே இறங்கினார். ஒரே சிரிப்பில் இரண்டும் கலந்திருக்கின்றன. எது எவ்வளவு என்று கண்டுபிடிக்க, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இடத்தையும் ஆளையும் சேர்த்து மாற்றினால் எதனால் சிரிப்பு குறைந்தது என்று சொல்ல முடியாமல் போகும்.

பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதும்போதும் இதே முறை உதவும். பெயரையும் ஆண்டையும் அடுக்கிய பிறகு எடுத்துக்காட்டை ஒரு வரியில் தொங்கவிடாதீர்கள். ஒரே எடுத்துக்காட்டை எடுத்து, அதில் சிரிப்பவர் யார், ஆளானவர் யார், அடைபட்டிருந்தது எது என்று எழுதி, ஒன்றை மாற்றினால் சிரிப்பு என்ன ஆகிறது என்று காட்டுங்கள். இரண்டு கோட்பாட்டுக்கும் பிடிபடாத எடுத்துக்காட்டு கிடைத்தால் அதையும் எழுதலாம். யாரையும் தாழ்த்தாத, எந்த இறுக்கமும் இல்லாத வெறும் சொல் விளையாட்டு அப்படி ஒன்று. அதற்கு, எதிர்பார்த்தது ஒன்று வந்தது வேறு என்ற பொருத்தமின்மையில் சிரிப்பைத் தேடும் முரண்பாட்டுக் கோட்பாடு தேவைப்படும்.