செவிலியப் பராமரிப்புத் திட்டம்: குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் நாள்

பி.எஸ்சி. நர்சிங், இரண்டாம் ஆண்டு
இடம்: மதுரை, பெண்கள் அறுவை சிகிச்சை வார்டு
பராமரித்த காலம்: இரண்டு நாட்கள், காலை ஷிப்ட்

நோயாளி விவரம்

56 வயதுப் பெண். செக்கானூரணிப் பக்கத்துக் கிராமம். விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவர். 4 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். மூன்று நாள் வயிற்று வலியைச் சூட்டு வலி என்று நினைத்து விளக்கெண்ணெய் குடித்திருக்கிறார். குடல்வால் வெடித்த பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார். நேற்று மாலை வயிற்றைத் திறந்து குடல்வாலை அகற்றி, சீழைக் கழுவி, உள்ளே சேரும் நீர் வடிய டிரெயின் குழாய் வைத்திருக்கிறார்கள்.

மதிப்பீடு

அவர் சொன்னது: "வலி எப்படி இருக்கிறது அம்மா?" என்று கேட்டதற்கு, "பரவால்ல தாயி" என்றார். ஆனால் கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த கை விரல்கள் வெளுத்திருந்தன. முழங்காலை மடக்கி, அசையாமல் படுத்திருந்தார். "சரி, ஒருதடவை இருமிக் காட்டுங்கள்" என்றபோது மறுத்துவிட்டார். "தையல் விட்டுப்போச்சுன்னா என்ன செய்ய?" பூஜ்யம் முதல் 10 வரையிலான வலி அளவை விளக்கிக் கேட்டபோது, சும்மா இருந்தால் 4, அசைந்தால் 8 என்றார். முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் குறிப்பேட்டில் 'வலி இல்லை' என்றே எழுதியிருப்பேன்.

நான் கண்டது: வெப்பநிலை 99.6 டிகிரி ஃபாரன்ஹீட், நாடி 104, ரத்த அழுத்தம் 138/86. மூச்சு நிமிடத்துக்கு 26, மேலோட்டமானது. ஆக்சிஜன் அளவு 93 சதவீதம். நுரையீரலின் இரு அடிப்பகுதிகளிலும் மூச்சொலி குறைவு, வலப்பக்கம் கரகரப்பு. கட்டு உலர்ந்திருக்கிறது. டிரெயினில் 60 மி.லி. சிவந்த நீர். சிறுநீர் மணிக்கு 45 மி.லி. குடல் ஒலி கேட்கவில்லை. வாய்வழி எதுவும் இல்லை. சர்க்கரை 192 மி.கி.

செவிலிய நோயறிதல்

1. வயிற்றுக் காயத்தின் வலியாலும் இருமப் பயப்படுவதாலும் ஏற்பட்ட குறைபட்ட சுவாசம். சான்று: 26 மூச்சு, 93 சதவீதம், கரகரப்பு.
2. அறுவை சிகிச்சைக் காயம் சார்ந்த கடும் வலி. சான்று: அளவு 8, அசைய மறுத்தல்.
3. வெடித்த குடல்வால், டிரெயின், சர்க்கரை நோய் காரணமாகத் தொற்று பரவும் அபாயம்.

முன்னுரிமைப்படி மூச்சை முதலில் எழுதியிருக்கிறேன். ஆனால் இவருக்கு வலி குறையாமல் மூச்சு ஆழமாகாது. அதனால் இரண்டையும் சேர்த்தே கவனித்தேன்.

இலக்குகள்

மதியம் 2 மணிக்குள் அசையும்போதான வலி 4 அல்லது அதற்குக் கீழ் வர வேண்டும். அவரே தாங்கிப்பிடித்து இருமிக் காட்ட வேண்டும். 24 மணி நேரத்தில் ஆக்சிஜன் 95 சதவீதத்துக்கு மேல், மூச்சு 20-க்குள், கரகரப்பு இல்லாமை. மருத்துவமனையில் இருக்கும்வரை காயத்தில் சிவப்பு, சீழ் இல்லாமை.

செயல்பாடுகளும் காரணமும்

முதலில் தலைப்பக்கத்தை 45 டிகிரி உயர்த்தினேன். உதரவிதானம் இறங்க இடம் கிடைக்கும். மூச்சு எண்ணிக்கையும் உணர்வுநிலையும் பார்த்துவிட்டு, மருத்துவர் எழுதியபடி ஷிப்ட் சிஸ்டர் மேற்பார்வையில் பாராசிட்டமால் 1 கிராம், டிராமடால் 50 மி.கி. நரம்பு வழியாக மெதுவாகச் சொட்டவிட்டோம். டிராமடால் மூச்சைக் குறைக்கக்கூடும் என்பதால் அதன் பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறை கவனித்தேன்.

அரை மணி நேரம் கழித்துத்தான் இருமல் பயிற்சி. வார்டில் கூடுதல் தலையணை இல்லை. அவருடைய நூல் சேலையை நான்காக மடித்துக் காயத்தின் மேல் வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். "தையல் உள்ளே பல அடுக்காகப் போட்டிருக்கிறது, சேலையும் தாங்கும்" என்று சொல்லி நானும் சேர்ந்து இருமினேன். மூன்றாவது முறை சளி வந்தது. விழித்திருக்கும் வரை மணிக்கு 10 ஆழ்ந்த மூச்சு. எண்ணிக்கைக்கு மகளைப் பொறுப்பாக்கினேன்.

பத்து மணிக்குக் கட்டிலோரம் உட்காரவைத்து, தலைசுற்றல் இல்லை என்று பார்த்தபின் இருவர் பிடித்து நிற்கவைத்தோம். நடப்பது குடல் அசைவுக்கும் காலில் ரத்தம் உறையாமலிருக்கவும் உதவும்.

செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல் நேரப்படி. கை கழுவாமல் கட்டையோ டிரெயினையோ தொடவில்லை. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்து, எழுதியபடி இன்சுலின்.

மகளிடம் ஒன்று விளக்க வேண்டியிருந்தது. காயம் ஆறும்வரை தண்ணீரே கொடுக்கக் கூடாது என்று ஊரில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது நிறுத்தியிருப்பது குடல் அசைய ஆரம்பிக்கும்வரைதான், அப்புறம் தண்ணீரும் பருப்பும் முட்டையும் காயம் ஆறத் தேவை என்று புரியவைத்தேன்.

மதிப்பாய்வு

மதியம் 2 மணி: அசைந்தால் வலி 4. சேலையைப் பிடித்துத் தானே இருமினார். இலக்கு நிறைவேறியது.

மறுநாள் காலை: ஆக்சிஜன் 96, மூச்சு 20. ஜன்னல்வரை நடந்தார். வலது அடியில் கரகரப்பு கொஞ்சம் மீதி இருக்கிறது. ஆகவே சுவாச இலக்கு பகுதியளவே நிறைவேறியது. பயிற்சி தொடர வேண்டும். காயத்தில் சிவப்பில்லை, வெப்பநிலை 99; சர்க்கரை 174. தொற்று அபாயம் தொடர்வதால் கண்காணிப்பும் தொடரும்.

ஷிப்ட் ஒப்படைப்பில் எழுதியது: "இவரிடம் வலிக்கிறதா என்று கேட்க வேண்டாம், பரவாயில்லை என்பார். இருமும்போது எத்தனை என்று கேட்கவும். மடித்த சேலை தலைமாட்டில் இருக்கிறது."